52 சட்டிக்குத்தான் காசு வந்தது

கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய்ப் பகுதிகளில் தயிர் போட்டு விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நானாமாருக்கும் ராத்தாமாருக்கும் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,



எங்கள் ஊர்களின் எருமைத் தயிருக்கு இலங்கை முழுவதும் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைப் பற்றி எழுத வரவில்லை. ஒரு சட்டித் தயிர் உங்களுக்கு உண்மையில் என்ன விலைக்கு அடங்குகிறது என்பதை மட்டும் பேச வருகிறேன். சிறு வியாபாரங்களின் கணக்குகளைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தயிர் போடும் பலர் பால் விலையையும் சட்டி விலையையும் கூட்டி, அதற்கு மேல் கையில் வருவதெல்லாம் இலாபம் என்று நினைக்கிறார்கள். மாதக் கடைசியில் காசு எங்கே போனது என்று தெரிவதில்லை.

ஒரு நாள் அடுப்பை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் எடுத்தவை. பால், சட்டி, கூலி எல்லாம் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். வழியை மட்டும் பிடித்துக்கொண்டு, விலைகளை அழித்துவிட்டு உங்கள் வீட்டு விலைகளை எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் 60 லீற்றர் எருமைப் பால் வாங்குகிறீர்கள். லீற்றர் 220 ரூபா. ஒரு லீற்றர் பிடிக்கும் சட்டி 60 வாங்குகிறீர்கள். ஒன்று 90 ரூபா. ஆக, ஒரு சட்டித் தயிருக்குப் பால் 220, சட்டி 90, சேர்த்து 310. விறகும் கடதாசியும் கொஞ்சம். கடைக்காரருக்கு 400 ரூபாவுக்குக் கொடுத்தால் கிட்டத்தட்ட 90 ரூபா மிச்சம். வழக்கமாக வாய்க்கணக்காகச் சொல்லப்படுவது இதுதான். இப்போது அந்த 60 லீற்றரின் பின்னால் அடுத்த நாள் வரை நடந்து போவோம்.

பாலை வடிக்கிறோம். கேனின் அடியிலும் துணியிலும் கொஞ்சம் நின்றுவிடுகிறது. கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து சற்று நேரம் வற்ற விடுகிறோம். கெட்டித் தயிர் வேண்டுமென்றால் வற்றத்தான் வேண்டும். ஆவியாக 3 லீற்றர் போகிறது. துணி, கேன், பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டும் ஆடை, சிந்தியது எல்லாம் சேர்ந்து இன்னொரு லீற்றர். மிஞ்சுவது 56 லீற்றர். பாத்திரத்தில் ஒரு குச்சியை விட்டு, கொதிக்கும் முன்னும் பின்னும் பால் நிற்கும் உயரத்தைக் கோடு போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் எத்தனை லீற்றர் வற்றுகிறது என்பதை அந்தக் குச்சியே காட்டிவிடும்.

அடுத்து உறை. நேற்றைய தயிரில் ஒரு சட்டியை விற்காமல் வைத்து, அதைக் கரைத்து இன்றைய பாலில் சேர்க்கிறோம். 56 லீற்றர் பாலும் ஒரு லீற்றர் உறையும் சேர்ந்து 57 சட்டி நிறைகின்றன. அதில் ஒன்றை நாளைய உறைக்கு எடுத்து வைக்கிறோம். கூடியதும் குறைந்ததும் ஒன்றே என்பதால் உறைக்குப் பால் கணக்கில் தனிச் செலவு இல்லை. ஆனால் அதற்கும் ஒரு மண்சட்டி போகிறது. வாங்கிய 60 சட்டியில் மூன்று கீறலோ உடைவோ இருந்து கழிகின்றன. 57 நிறைகின்றன, உறைக்கு ஒன்று போக 56 மிஞ்சுகின்றன.

விடிந்ததும் பார்த்தால் ஒரு சட்டி சரியாக உறையவில்லை. மேலே தண்ணீர் பிரிந்து நிற்கிறது. மிச்சம் 55 வாகனத்தில் ஏறுகின்றன. வழியில் ஒன்று வெடிக்கிறது. இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் இரண்டைப் புளித்துவிட்டதென்று திருப்பித் தருகிறார். 60 லீற்றரில் தொடங்கி, காசு கைக்கு வந்தது 52 சட்டிக்கு மட்டும்.

இனி அந்த நாளின் முழுச் செலவு:

பால், 60 லீற்றர்: 13,200 ரூபா
சட்டி, 60: 5,400 ரூபா
மூடும் கடதாசி, நூல், வைக்கோல்: 350 ரூபா
விறகு, 12 கிலோ: 300 ரூபா
வாகனம்: 900 ரூபா
இரண்டு பேரின் வேலை, மொத்தம் 8 மணித்தியாலம்: 2,000 ரூபா
பாத்திரத் தேய்மானம், கழுவும் செலவு: 250 ரூபா
மொத்தம்: 22,400 ரூபா

இதை 60ஆல் பிரித்தால் 373 ரூபா வரும். அது ஏமாற்றும் கணக்கு, ஏனென்றால் 60 சட்டித் தயிர் எந்தக் கடைக்கும் போகவில்லை. 52ஆல் பிரிக்க வேண்டும். அப்போது ஒரு சட்டியின் அடக்கம் ஏறத்தாழ 431 ரூபா. 400 ரூபாவுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு சட்டியிலும் 31 ரூபா நட்டம்.

"எங்கள் வேலைக்கு நாங்கள் கூலி எடுப்பதில்லையே" என்பீர்கள். சரி, 2,000 ரூபாவைக் கழித்துவிடுவோம். செலவு 20,400. வரவு 52 சட்டிக்கு 20,800. மிச்சம் 400 ரூபா. இரண்டு பேர் 8 மணித்தியாலம் அடுப்படியில் நின்றதற்கு மணித்தியாலத்துக்கு 50 ரூபா. கூலியை எழுதாமல் விட்டதால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடவில்லை. அதை உங்கள் உடம்பு கொடுத்திருக்கிறது.

சொந்தப் பட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு மறைவு இருக்கிறது. பால் வீட்டுப் பால், அதனால் அதற்கு விலை போடுவதில்லை. அந்தப் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கோ, வாசலுக்கு வரும் பால் வியாபாரிக்கோ ஊற்றியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அதுதான் அதன் விலை. மேலே உள்ள கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 20,800 ரூபா வரவில், பால் தவிர்ந்த மற்றச் செலவுகள் 9,200. மிச்சம் 11,600. அதை 60 லீற்றருக்குப் பங்கிட்டால் லீற்றருக்கு 193 ரூபா. லீற்றர் 220க்கு அப்படியே விற்றிருக்கக்கூடிய பாலை, விறகும் சட்டியும் இரவும் செலவழித்து 193க்கு விற்றிருக்கிறோம். உங்கள் பாலுக்கு வாசலில் 180 ரூபாதான் கிடைக்குமென்றால் தயிர் போடுவதே சரி. எது சரியென்று உங்கள் வீட்டு விலைதான் சொல்லும். ஆனால் பாலுக்கு விலை எழுதாதவருக்கு இந்தக் கேள்வியே கண்ணில் படாது.

இனி விறகுக்கு வருவோம். தயிர்க்காரர் இருவர் சந்தித்தால் முதலில் திட்டுவது விறகு விலையைத்தான். மேலே உள்ள கணக்கில் விறகு ஒரு சட்டிக்கு 6 ரூபா. சேதமோ, 373க்கும் 431க்கும் இடையிலான வித்தியாசம், 57 ரூபாவுக்கும் மேல். கிட்டத்தட்ட பத்து மடங்கு. திட்டுவதென்றால் சேதத்தைத் திட்டவேண்டும்.

அதற்காக விறகை அளக்காமல் விடவும் முடியாது. 60 லீற்றர் பாலை 30 பாகையிலிருந்து 90 பாகைக்குக் கொண்டுபோய், 3 லீற்றரை ஆவியாக்க ஒரு குறிப்பிட்ட அளவு சூடு வேண்டும். திறந்த மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கும் சொச்சமும்தான் பாத்திரத்துக்குள் போகும், மற்றதெல்லாம் காற்றோடு போகும். அந்தக் கணக்குப்படி நன்றாகக் காய்ந்த விறகு 12 கிலோ அளவில் பிடிக்கும். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டின் ஒரு பங்கு போய்விடுவதால், ஒரு கிலோ பச்சை விறகு தரும் சூடு காய்ந்த விறகில் ஏறத்தாழ பாதிதான். கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்த விறகை எரித்தால் 12 கிலோ 24 கிலோவாகும், சட்டிக்கு 6 ரூபா 12 ரூபாவாகும். மழைக்கு முன் விறகை வாங்கி, கூரைக்குக் கீழே அடுக்கி வைப்பவருக்கு அந்த 6 ரூபா மிச்சம். காட்டில் பொறுக்கிய விறகென்றாலும், பொறுக்கப் போன நேரத்தை வேலைக் கணக்கில் எழுதுங்கள்.

எவ்வளவு எரிகிறது என்று அறிவது எளிது. அடுப்பு மூட்டும் முன் விறகை நிறுத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் மிஞ்சியதை நிறுத்துக் கழியுங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை, வெயில்காலத்தில் ஒரு முறை செய்தால் போதும். காஸில் காய்ச்சுபவர்கள் சிலிண்டரையே தராசில் வைக்கலாம். காஸ்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 4,860 ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும். எத்தனை கிலோ எரிகிறது என்று எழுதி வைத்திருப்பவர் அன்றைக்கே புது அடக்க விலையைக் கண்டிருப்பார். ரூபாவை மட்டும் எழுதி வைப்பவரின் கணக்கு, விலை மாறும் நாளில் பயனற்றுப் போகும்.

சட்டி விஷயம் இன்னும் பெரிது. 5,400 ரூபா என்பது மொத்தச் செலவில் நாலில் ஒரு பங்குக்குக் கிட்ட. பாலுக்கு அடுத்த பெரிய செலவு அதுதான். மண்சட்டி வெறும் பொதியும் அல்ல. அது தயிரின் தண்ணீரை உறிஞ்சி வெளியே கசியவிடுவதால்தான் எங்கள் தயிர் கத்தியால் வெட்டுவது போல் நிற்கிறது. அதே காரணத்தால் தயிரின் எடையும் குறைகிறது. நிறை எழுதி விற்பவர்கள் ஒரு சட்டியை வெறுமையாக, பால் ஊற்றியவுடன், மறுநாள் காலை என்று மூன்று முறை நிறுத்துப் பாருங்கள். அந்தச் சட்டி வழியாக எவ்வளவு வெளியேறுகிறது என்று தெரியும். மறுநாள் நிற்கும் எடையில் வெறும் சட்டியின் எடையைக் கழித்து வருவதைத்தான் வெளியே எழுத வேண்டும். கூடுதலாக எழுதினால் வாங்குபவருக்கு அநியாயம், நுகர்வோர் அதிகாரசபை வந்தால் உங்களுக்கு வில்லங்கம்.

சிறிய சட்டியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அரை லீற்றர்ச் சட்டி 45 ரூபாவுக்குக் கிடைக்காது. 65 என்று வைத்துக்கொள்வோம். பால், விறகு, வேலை எல்லாம் பாதியாகும். சட்டியும் மூடும் கடதாசியும் பாதியாகாது. அதே சேதத்தோடு கணக்குப் போட்டால் அரை லீற்றரின் அடக்கம் ஏறத்தாழ 242 ரூபா. ஒரு லீற்றரின் அடக்கத்தில் பாதி 215தான். "பெரியது 440 என்றால் சின்னது 220" என்று கொடுப்பவர், பெரியதில் கிடைத்த 9 ரூபாவையும் சின்னதில் தொலைக்கிறார். வேலையும் சின்னச் சட்டிக்குக் கூடத்தான் ஆகும், ஊற்ற வேண்டியதும் மூட வேண்டியதும் இரண்டு மடங்கு. அதையும் சேர்த்தால் 242க்கு மேலே போகும்.

இப்போது சேதத்தைப் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாச் சேதமும் ஒன்றல்ல. ஆவியாகப் போன 3 லீற்றர் தயிரின் குணத்துக்காகக் கொடுத்த விலை. அதைக் குறைக்கப் போனால் தயிர் இளகும். அதையும் ஒட்டிப்போன ஒரு லீற்றரையும் இயல்பான கழிவு என்று ஏற்றுக்கொண்டு 56ஆல் பிரித்தால் அடக்கம் சரியாக 400 ரூபா. அந்த 400க்கும் 431க்கும் இடையிலுள்ள 31 ரூபாதான் கவனம் இருந்தால் தடுக்கக்கூடியது. நான்கு சட்டி செய்த வேலை அது.

சேதம் எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதும் முக்கியம். வெறும் சட்டி உடைந்தால் போவது 90 ரூபா. அதே சட்டி பால் ஊற்றிய பிறகு கசிந்தால் பாலும் விறகும் வேலையும் சேர்ந்து போகும். கடையிலிருந்து திரும்பி வரும் சட்டியில் வாகனச் செலவும் ஏறியிருக்கும். எனவே சோதிக்கும் நேரம் தொடக்கத்தில் இருக்க வேண்டும். சட்டியைக் கையில் தூக்கி விரலால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது, டொக்கென்றால் எங்கோ கீறல் இருக்கிறது. சந்தேகமானதில் தண்ணீர் ஊற்றிக் காய்ந்த பலகையில் வையுங்கள். நல்ல மண்சட்டி முழுவதும் மெல்லக் குளிரும், ஈரம் பரவலாக இருக்கும். கீறல் உள்ளது ஒரே கோட்டில் ஈரம் காட்டும். தண்ணீர் ஊற்றிய சட்டியை நன்றாகக் காயவைத்த பிறகே பால் ஊற்றுங்கள். சட்டிக்காரரிடம் வாங்கும்போதே தட்டிப் பார்த்து மாற்றிக்கொண்டால் 90 ரூபாகூடப் போகாது.

உறையாமல் போவதற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். 42 முதல் 45 பாகை வரை உறை ஊற்ற ஏற்ற சூடு. 50ஐத் தாண்டி ஊற்றினால் உறையிலுள்ள கிருமிகள் செத்துவிடும். மழை இரவில் பால் ஆறிப்போன பின் ஊற்றினால் அவை மந்தமாக வேலை செய்து, விடியும்போது தயிர் வழுவழுவென்று கிடக்கும். கைவிரலை விட்டுப் பார்க்கும் அனுபவம் நல்லதுதான், ஆனால் அடுப்பருகே நின்ற கைக்கும் மழையில் நனைந்த கைக்கும் ஒரே சூடு வேறு வேறாகத் தெரியும். ஒரு வெப்பமானி வாங்குங்கள். ஓரிரு நாளில் தப்பும் சட்டிகளே அதன் விலையைத் திருப்பித் தந்துவிடும் என்று நினைக்கிறேன். மேலே தண்ணீர் பிரிந்து நின்றால், உறையும் முன் சட்டியை அசைத்தீர்களா என்றும், உறைந்த பிறகும் வெயிலில் விட்டீர்களா என்றும் பாருங்கள். பாலிலேயே தண்ணீர் இருந்தாலும் இளகும். அதற்குப் பால்மானி இருக்கிறது.

வீணான சட்டி முழுவதும் வீண் அல்ல. புளித்ததைச் சேர்த்துக் கடைந்து மோராக, நெய்யாக விற்றால் அந்தக் காசை மொத்தச் செலவிலிருந்து கழியுங்கள். திருப்பி வந்த இரண்டு சட்டிக்கு 150 ரூபா கிடைத்தால் 22,400 என்பது 22,250 ஆகும். வரவில் தனியாக எழுதாமல் செலவில் கழித்தால்தான் ஒரு சட்டியின் அடக்கம் சரியாக நிற்கும்.

கடைகளோடு பேசும் விலையும் இந்தக் கணக்கிலிருந்தே வர வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்த பிறகு, படகுத்துறையில் காத்திருக்கும் நேரமும் அங்கே ஏற்றி இறக்கும்போது உடையும் சட்டிகளும் குறைந்தன. திருகோணமலைக் கடைக்கும் வீதியோரக் கடைகளுக்கும் நாளாந்தம் போட முடிகிறது. அதோடு, விற்காததைத் திருப்பி எடுக்கும் வழக்கமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. எங்கள் கணக்கில் வழியில் வெடித்த ஒன்றும் திருப்பி வந்த இரண்டும் இல்லாதிருந்தால் 55 சட்டிக்குக் காசு வந்திருக்கும், அடக்கம் 407 ரூபாவாக இருந்திருக்கும். "கடை வாசலில் எண்ணிப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பி எடுக்க மாட்டேன், அதற்காக ஒரு சட்டிக்கு 10 ரூபா குறைத்துத் தருகிறேன்" என்று ஒரு கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். அந்த 10 ரூபாவை விட்டாலும் உங்களுக்கு இலாபம். அவரும் தேவைக்கு அளவாக எடுப்பார், தயிரும் புதிதாக விற்கும். ஒப்பாதவருக்குத் திருப்பி எடுக்கும் விலையைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே விலை சொல்வது நட்டம்.

இவ்வளவையும் செய்யப் பெரிய பேரேடு வேண்டாம். ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் ஐந்து எண்கள்: வாங்கிய பால், நிறைந்த சட்டி, எரிந்த விறகு, வேலை செய்த மணித்தியாலம், காசு வந்த சட்டி. கடைசி எண்ணை அன்றைக்கே எழுத முடியாது, கடைக்காரர் திருப்பித் தரும் நாள் வரை பொறுக்க வேண்டும். அதனால் எந்த நாள் போட்ட தயிர் என்பதைச் சட்டியின் மூடிக் கடதாசியிலும் குறியுங்கள். ஒரு கிழமை எழுதினால் உங்கள் 52 எத்தனை என்று தெரியும். மழைக்காலத்தில் ஒரு கிழமை, வெயிலில் ஒரு கிழமை, நோன்புப் பெருநாளை ஒட்டி விற்பனை கூடும் நாட்களில் ஒரு கிழமை எழுதினால் வருடக் கணக்குப் பிடிபடும்.

கடைசியாக உங்கள் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு ஊரில் ஒருவர் மட்டும் 431 என்று கணக்குப் போட்டு விலையைக் கூட்டினால், அடுத்த வீட்டுக்காரர் கணக்குப் போடாமல் 400க்குக் கொடுத்து அவருடைய கடையைப் பிடித்துக்கொள்வார். இருவரும் கெட்டுப் போவார்கள். வருகிற கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு கிழமைக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். எல்லோருடைய எண்களையும் பலகையில் எழுதிப் பாருங்கள். சட்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பவர் யார், விறகு அதிகம் எரிப்பவர் யார், கடையிலிருந்து அதிகம் திருப்பி வருவது யாருக்கு என்று அங்கேயே தெரியும். சட்டியைச் சேர்ந்து லொறிக் கணக்கில் இறக்குவதா, திருப்பி எடுப்பதை நிறுத்துவதா என்று பிறகு பேசி முடிவெடுங்கள். அந்தக் கொப்பிகள் இல்லாமல் இனி எந்தக் கடைக்காரரோடும் விலை பேச உட்காராதீர்கள்.

அன்புடன்,
கணக்கெழுதும் உங்கள் ஊர்க்காரன்
திருகோணமலை